எட்டு வாரக் கர்ப்பத்தில் கருவின் வயது ஆறு வாரம்தான்

கேள்வி: என் கணவர் துபாயிலிருந்து ஜூன் 12 அன்று ஊருக்கு வந்தார், ஜூலை 27 திரும்பிப் போனார். ஜூலை 29 எடுத்த முதல் ஸ்கேனில் 8 வாரம் என்று போட்டிருந்தது. அத்தை காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்துவிட்டு, "அவன் வந்தே ஏழு வாரம் ஆகலையே" என்றார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் தவறாமல் வரும். கடைசியாக வந்தது ஜூன் 3. இப்போது தை பிறந்ததும் ஒன்பதாம் மாசம் என்கிறார் அத்தை. என் அம்மா ஏழு என்கிறார். செல்போன் செயலி எட்டு என்கிறது. போன வாரம் 32 வாரம் என்று டாக்டர் சொன்னார், ஆனால் ஸ்கேனில் 31 வாரம் 1 நாள் என்று வந்திருக்கிறது. வயிறும் சின்னதாக இருக்கிறது என்கிறார்கள், நெஞ்சு எரிகிறது. குழந்தைக்கு ஏதாவது குறையா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அந்த ஸ்கேன் தாளை வைத்து உங்களைச் சந்தேகப்பட இடமே இல்லை. நீங்கள் சொன்ன தேதிகளும் ஸ்கேனும் நாள் பிசகாமல் பொருந்துகின்றன. இந்தப் பதிலை உங்கள் அத்தையிடமே படிக்கக் கொடுங்கள்.

கர்ப்பத்தின் வாரக் கணக்கு, கரு உண்டான நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கரு உண்டான நாள் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது, தீட்டான நாள் தெரியும். அதனால்தான் மருத்துவர்கள் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவருக்குக் கருமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 14ஆம் நாள். ஆக, கணக்கின் முதல் இரண்டு வாரத்தில் வயிற்றில் குழந்தையே கிடையாது. கரு தரிப்பதற்கு முன்பே "இரண்டு வாரக் கர்ப்பம்" ஆகிவிடுகிறது.

உங்கள் தேதியில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 3 முதல் ஜூலை 29 வரை 56 நாள், அதாவது சரியாக 8 வாரம். கருமுட்டை வந்திருக்கக்கூடிய நாள் ஜூன் 17ஐ ஒட்டி. உங்கள் கணவர் வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஜூன் 17இலிருந்து ஸ்கேன் நாள் வரை எண்ணினால் 42 நாள், ஆறு வாரம். அன்று திரையில் தெரிந்த கருவின் உண்மையான வயது அந்த ஆறு வாரம்தான். உங்கள் அத்தை எண்ணியதில் தப்பில்லை; எங்கிருந்து எண்ண வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"நாங்கள் தேதி சொன்னதால் அப்படிப் போட்டார்கள், மெஷின் தானாகக் கண்டுபிடித்தது என்ன?" என்று சிலர் கேட்பார்கள். மெஷினுக்கு வயது தெரியாது, நீளம்தான் தெரியும். எட்டு வாரத்தில் கரு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் இருக்கும், ஒரு புளியங்கொட்டை அளவு. தலை முதல் பிட்டம் வரை அளந்ததும், அந்த நீளத்துக்கு எத்தனை வாரம் என்று ஓர் அட்டவணையில் பார்த்து மெஷின் எழுதுகிறது. அந்த அட்டவணையிலேயே முன்னால் உள்ள இரண்டு வாரமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே எந்த ஊரில், எந்த மெஷினில் எடுத்தாலும் கருவின் வயதோடு இரண்டு வாரம் கூட்டித்தான் வரும். இதை ஸ்கேன் அறையிலேயே ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் ஐந்தரை மாதம் நீங்கள் இந்த வேதனையைச் சுமந்திருக்க வேண்டியதில்லை. கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் இதே கணக்கால் அழுதுகொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது, அந்தப் பெண்களின் மேல் அல்ல.

இனி மாதக் கணக்கு. உங்கள் வீட்டில் ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று எண் வருகிறது. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் அம்மா, நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுகிறார். உங்களுக்குத் தள்ளிப்போனது ஜூலை 1. அப்படி எண்ணினால் இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. அத்தை தமிழ் மாதத்தை விரல் விட்டு எண்ணுகிறார்: வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. வைகாசியில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் உங்கள் கணக்கில் வந்தது, தையில் இப்போதுதான் சில நாள் ஆகியிருக்கிறது. இரண்டையும் முழு மாதமாகப் பிடித்தால் ஒன்பது வந்துவிடும். செயலி ஜூன் 3இலிருந்து ஆங்கில மாதம் எண்ணுகிறது. ஜனவரி 3 அன்று ஏழு மாதம் நிறைந்துவிட்டது, எட்டாவது மாதம் நடக்கிறது. மாதமாகத்தான் சொல்ல வேண்டும் என்றால் இதுவே சரி.

இதோடு நான்கால் வகுக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 32 வாரத்தை நான்கால் வகுத்து "எட்டு மாசம் முடிஞ்சது" என்பார்கள். ஒரு மாதம் நான்கு வாரம் இல்லை, நான்கு வாரமும் இரண்டு மூன்று நாளும். அந்த உதிரி நாட்கள் சேர்ந்து சேர்ந்து, எட்டு மாதத்துக்குள் ஏறக்குறைய மூன்று வாரம் பிசகிவிடும். பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று நம்மவர்கள் சொல்வதும் பொய்யில்லை. 28 நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280 நாள், 40 வாரம். அதையே காலண்டர் மாதத்தில் சொன்னால் ஒன்பது மாதமும் ஏறக்குறைய ஒரு வாரமும். ஜூன் 3க்கு 280 நாள் கூட்டினால் மார்ச் 10. அதுதான் உங்கள் தேதி.

மூன்று பருவங்களையும் மாதத்தில் பிரிக்காதீர்கள், வாரத்தில் பிரியுங்கள். 13 வாரம் 6 நாள் வரை முதல் பருவம். 14 வாரம் தொடங்கி 27 வாரம் 6 நாள் வரை இரண்டாவது. 28 நிறைந்ததும் மூன்றாவது. உங்களுக்கு அது டிசம்பர் 16, மார்கழி பிறந்த அன்றே தொடங்கிவிட்டது.

இவ்வளவு நேரம் ஏன் இந்தக் கணக்கைப் பேசுகிறேன் என்றால், ஒரே ஒரு இடத்தில் இது உயிரோடு விளையாடும். வீட்டில் "ஒன்பதாம் மாசம்" என்று முடிவாகிவிட்டால், வலி வந்ததும் "மாசம் ஆயிடுச்சு, வரவேண்டிய வலிதான்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்து, பொய் வலியா மெய் வலியா என்று இரண்டு மூன்று மணி நேரம் பார்ப்பார்கள். உங்களுக்கு 37 வாரம் நிறைவது பிப்ரவரி 17. அதுவரை வருகிற வலி குறைமாத வலி. வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விட்டு, அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தாலும், இடுப்பு விட்டு விட்டு வலித்தாலும், துணி நனைகிற மாதிரி நீர் கசிந்தாலும், துளி இரத்தம் பட்டாலும் கஷாயம் வைக்காமல், காலையில் பார்க்கலாம் என்று படுக்காமல் கிளம்புங்கள். பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போங்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றே உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

இதில் மணிக்கணக்கு ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகிவிடும் என்று தோன்றினால், குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. அது முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாளாவது வேண்டும். கஷாயத்தில் போகிற மூன்று மணி நேரம் குழந்தையின் மூச்சிலிருந்து போகிறது. உங்களுக்கு 34 வாரம் ஜனவரி 27 அன்றுதான் நிறைகிறது. அங்கே போனதும் "எட்டு மாசம்", "ஒன்பது மாசம்" என்று சொல்லாதீர்கள். "ஜூன் 3 கடைசி தேதி, எட்டு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்தது ஒத்துப்போச்சு" என்று சொல்லி முதல் ஸ்கேன் தாளைக் கையில் கொடுங்கள். ஊசி போடுவதா வேண்டாமா என்று அந்தத் தாளை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசக் குழந்தை பிழைக்காது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்.

கடைசி ஸ்கேனில் ஆறு நாள் குறைந்தது குறையே இல்லை. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் அப்போது எடுத்த அளவு சில நாள் முன்பின்னாகத் தேதியைச் சொல்லிவிடும். மூன்றாம் பருவத்தில் ஒரு குழந்தை உருண்டையாக இருக்கும், ஒன்று ஒல்லியாக இருக்கும்; வாரக் கணக்கு மூன்று வாரம் வரைகூட முன்பின் ஆகலாம். அதனால் இப்போதைய ஸ்கேனை வைத்து மார்ச் 10ஐ மாற்றக் கூடாது, யார் மாற்றி எழுதினாலும் ஏன் என்று கேளுங்கள். வயிறு சின்னது என்று பார்த்துச் சொல்கிறவர்களிடம் டேப் கிடையாது, உங்கள் டாக்டரிடம் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். மெடிக்கல் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுவது வேண்டாம். அந்தச் செயலியையும் அழித்துவிடுங்கள். ஒரு செயலியில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது என்று தேடிக்கொண்டே இருந்தால் இரவில் தூக்கம்தான் போகும்.

மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. 40 நாள், 50 நாள் என்று தள்ளி வருகிறவர்களுக்குக் கருமுட்டையும் தள்ளித்தான் வரும், ஜூன் 3 மாதிரியான தேதி பயன்படாது. அவர்களுக்கு முதல் ஸ்கேன் சொல்வதே கணக்கு. தேதி கேட்டால் தலைக்குக் குளித்த நாளைச் சொல்கிறவர்களும் உண்டு. எங்களுக்கு வேண்டியது இரத்தம் பட்ட முதல் நாள்.

வளைகாப்பைத் தையில் தாராளமாக வையுங்கள். உங்கள் கணவரிடம் மார்ச் 10க்கு டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். சொன்ன தேதியில் பிறப்பது நூறில் நாலைந்து குழந்தைதான். பிப்ரவரி 17க்குப் பிறகு எந்த நாளும் வரலாம், மார்ச் 17 வரைகூடப் போகலாம். அன்றும் வலி வரவில்லை என்றால் பத்து மாசம் பத்து நாள் ஆகட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அவர் பிப்ரவரிக் கடைசியிலேயே வந்துவிடட்டும்.