தோட்ட அளவுக்கு அடுக்கு எல்லை எங்கே போடுவது?

கேள்வி: தொண்டிப் பக்கம் மிளகாய் விவசாயிகளிடம் சர்வே. பெரும்பாலும் சின்ன நிலம், சிலரிடம் மட்டும் பெரியது. மூன்று அடுக்காக எப்படிப் பிரிக்க?

ஆளை எண்ணிச் சமமாகப் பிரிக்காதீங்க. நில அளவைச் சின்னச் சின்ன வகுப்புகளாகப் பிரிச்சு, ஒவ்வொரு வகுப்பிலும் உள்ள ஆள் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதைக் கூட்டிக்கொண்டே போங்க. டலேனியஸ், ஹாட்ஜஸ் என்ற புள்ளியியலாளர்கள் 1959-இல் சொன்ன வழி இது.

கணக்குக்காக ஒரு பட்டியல்: 0–1 ஏக்கரில் 400 பேர், அடுத்தடுத்த ஏக்கர்களில் 144, 64, 49, 25. கடைசியில் 5–9 ஏக்கரில் 16. வர்க்கமூலங்கள் 20, 12, 8, 7, 5. கடைசி வகுப்பில்தான் எல்லோரும் வழுக்குவாங்க: அதன் அகலம் மற்றதைப்போல நாலு மடங்கு, அதனால் 4×16-க்கு மூலம் எடுக்கணும், 4 இல்லை, 8.

கூட்டினால் 20, 32, 40, 47, 52, 60. மூன்றாகப் பங்கிட்டால் 20, 40. ஆக எல்லை 1 ஏக்கர், 3 ஏக்கர். அடுக்குகளில் 400, 208, 90 பேர். அடுக்குக்குச் சம அளவு மாதிரி எடுத்தாலே ஆளும் உள்வேறுபாடும் அதிகமான அடுக்கில் அதிக மாதிரி எடுக்கும் நெய்மான் ஒதுக்கீட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஐம்பது ஏக்கர்க்காரர் ஒருவர் இருந்தால் அவரை இதில் சேர்க்காம, தனியாக நேரிலேயே கேட்டுடுங்க.