திங்களும் வெள்ளியும்

அன்புள்ள அக்கா,

ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் ஏழு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. குழுவில் ஒரு தம்பி நான்கு மாதங்களில் 12 நாள் வரவில்லை. அதில் 9 நாள் திங்கள் அல்லது வெள்ளி. வார இறுதியில் குடிக்கிறான் என்று மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதா, கூப்பிட்டுக் கதைப்பதா? கதைப்பதென்றால் எப்படித் தொடங்குவது?

க., ஹட்டன்

அன்புள்ள தங்கைக்கு,

கூப்பிட்டுக் கதையுங்கள். ஆனால் அதற்கு முதல் வரவுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள்.

ஐந்து நாள் வேலை வாரத்தில் திங்களும் வெள்ளியும் இரண்டு நாள். எந்த ஒழுங்கும் இல்லாமல் லீவு எடுப்பவருக்குக்கூடப் பத்தில் நான்கு லீவு அந்த நாட்களில்தான் விழும். அடுத்து போயாவைப் பாருங்கள். செவ்வாயில் போயா வந்தால் திங்களும், வியாழனில் வந்தால் வெள்ளியும் பாதி ஊரே லீவு போடும். அப்படி இரண்டு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அவற்றைக் கழித்த பிறகு பத்தில் ஏழு மிஞ்சும். அது கேட்க வேண்டிய அளவுதான், தீர்ப்புச் சொல்லும் அளவல்ல. இதே கணக்கை மற்ற ஆறு பேருக்கும் போட்டுப் பாருங்கள். இன்னொருவருக்கும் ஆறு வந்தால் இவரை மட்டும் கூப்பிடுவது அநியாயம்.

நம் நாட்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஆரம்பக் காலத்தைத் தாண்டியவருக்கு ஆண்டு லீவு 14 நாளும், திடீர்த் தேவைகளுக்கு 7 நாளும் உண்டு. அந்த 12 நாளில் நீங்களே ஒப்பமிட்டுக் கொடுத்தவை எத்தனை, சொல்லாமல் நின்றவை எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். ஒப்பமிட்டுக் கொடுத்த லீவுக்கு எச்சரிக்கைக் கடிதம் நிற்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நுவரெலியாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைப் பார்த்த காலத்தில், தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி இப்படியே திங்களும் வெள்ளியும் நிற்பாள். கடிதத்தைத் தயாராக எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டேன். கைக்குழந்தையைத் தோட்டத்தில் தாயிடம் விட்டுவிட்டு டவுனில் போர்டிங்கில் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குக் கடைசி பஸ் நான்கு மணிக்கு. எங்கள் வேலை முடிவது நாலரைக்கு. திங்கள் காலை முதல் பஸ் டவுனுக்கு வரும்போது ஒன்பதே கால். எங்கள் வேலை எட்டரைக்குத் தொடங்கும், கையொப்பப் புத்தகத்தில் எட்டே முக்காலுக்குச் சிவப்புக் கோடு விழும். கோட்டுக்குக் கீழே மூன்று முறை கையெழுத்துப் போட்டு ஏச்சு வாங்கியவள், அதற்குப் பிறகு பிந்தி வருவதைவிட வராமல் இருப்பதே மேல் என்று முடிவு செய்துவிட்டாள். பிந்தி வந்தால் ஏச்சு, வராவிட்டால் ஒரு லீவுத் தாள். அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தது நாங்கள்தான்.

திங்கள் ஒன்பதரைக்கு வரலாம், வெள்ளி மூன்றரைக்குப் போகலாம் என்று பேசி முடித்தோம். குறைந்த இரண்டு மணி நேரத்தைச் செவ்வாய், புதன், வியாழன் மாலைகளில் நாற்பது நிமிடமாகப் பிரித்துச் செய்தாள்.

உங்கள் தம்பியின் காரணம் வேறாக இருக்கலாம். தாயின் கிளினிக் நாளாக இருக்கலாம், வேறு இடத்தில் வேலையாக இருக்கலாம், குடியாகவும் இருக்கலாம். எதையும் நீங்கள் ஊகித்துச் சொல்லக்கூடாது. செவ்வாயோ புதனோ, கதவு மூடிய இடத்தில் உட்காருங்கள். அது அவர் திங்கள் லீவு எடுத்ததற்கு மறுநாளாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள், இல்லாவிட்டால் அது விசாரணை போலாகிவிடும். தேதிகள் எழுதிய தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து இப்படித் தொடங்குங்கள்: “தம்பி, இந்த நான்கு மாதத்தில் நீங்கள் வராத நாட்கள் இவை. பெரும்பாலும் திங்களும் வெள்ளியுமாக இருக்கின்றன. அந்த நாட்களில் உங்கள் வேலை மற்றவர்கள் மேல் விழுகிறது. என்ன நடக்கிறது என்று சொல்ல முடியுமா?” அதோடு நிறுத்துங்கள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே “உடம்பு சரியில்லையா, வீட்டில் பிரச்சினையா?” என்று எடுத்துக் கொடுத்துவிடுவோம். கொடுத்தால் அவர் அதையே பிடித்துக்கொண்டு “ஆமாம்” என்பார், உண்மை உள்ளேயே நின்றுவிடும். மற்றவர்கள் பேசிக்கொள்வதை வாயில் எடுக்கவே வேண்டாம். நோயின் பெயரையும் கேட்காதீர்கள். வேலையில் என்ன மாற்றினால் வர முடியும் என்று மட்டும் கேளுங்கள்.

ஒன்றும் சொல்ல மறுத்தாலும் வற்புறுத்தாதீர்கள். இனி லீவு வேண்டுமானால் முதல் நாளே சொல்ல வேண்டும், திடீரென்றால் காலை எட்டு மணிக்கு முன் உங்களுக்கே போன் செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பேசியதை நாலு வரியில் எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி சந்திக்கும் தேதியை அங்கேயே குறியுங்கள். அந்த ஆறு வாரத்தில் சொல்லாமல் நின்ற நாள் ஒன்றிரண்டு வந்தால், அப்போது எச்சரிக்கைக் கடிதம் எழுதலாம். அதில் சொல்லாமல் நின்ற தேதிகளை மட்டும் எழுதுங்கள். திங்கள், வெள்ளி என்ற பேச்சு அதில் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா