போன் ஸ்க்ரீன்ல வாடகை விளம்பரம்: எதை மேல வைக்கணும், எதை வெட்டணும் (கேள்வி பதில்)

நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் தெரிஞ்சவங்க வீடு வாடகைக்கு விடும்போது விளம்பரம் எழுதிக் குடுக்குறது ரொம்ப நாளா என் வேலையாவே ஆயிடுச்சு, அதனால இந்த வாரம் கேள்விகளுக்கு நான் பதில் சொல்றேன்.

கேள்வி: சார், நங்கநல்லூர்ல எங்க மாடி போர்ஷன் 3 வாரமா காலியா கிடக்கு. போன் நிறைய வருது, ஆனா எல்லாரும் வாடகை எவ்ளோ, எத்தனாவது மாடின்னு தான் கேக்குறாங்க. எல்லாமே விளம்பரத்துல இருக்கே, யாருமே படிக்க மாட்டாங்களா?

பதில்: படிக்குறாங்க சார், ஆனா போன் காட்டுற வரைக்கும் தான் படிக்குறாங்க. உங்க விளம்பரத்தை என் போன்ல திறந்து பாத்தேன். தலைப்புல "அழகான விசாலமான காற்றோட்டமான வாஸ்..." வரைக்கும் வந்து கட் ஆயிடுது. கீழ நாலு வரி தெரியுது, அதுல உங்க அப்பா பாத்து பாத்து கட்டின வீடு, தேக்கு கதவு, ஆஞ்சநேயர் கோயில் பக்கம்னு இருக்கு, அதுக்கப்புறம் "மேலும்"னு வந்துடுது. வாடகை 19வது வரில இருக்கு. அதை அழுத்தி அவ்ளோ தூரம் போறவங்க ரொம்ப கம்மி, மத்தவங்க நம்பரைப் பாத்த உடனே நேரா போன் போட்டுடுறாங்க.

நான் இப்படி மாத்துவேன். தலைப்பு: "2 பிஹெச்கே, 18,000, நங்கநல்லூர், 2வது மாடி". அதுக்குக் கீழ: "மெயின்டனன்ஸ் 1,500 தனி. அட்வான்ஸ் 90,000. லிஃப்ட் இல்லை. ஃபேமிலிக்கு மட்டும். பைக் நிறுத்தலாம், கார் நிறுத்த இடமில்லை. ஜூன் 1ல இருந்து காலி." இவ்ளோ தான் முதல் ஸ்க்ரீன். "மேலும்"க்கு உள்ள 850 சதுர அடி, ரெண்டு பாத்ரூம், இபி தனி மீட்டர், போர் தண்ணி, பழவந்தாங்கல் ஸ்டேஷன் நடந்து 12 நிமிஷம்.

இந்த வரிசைக்கு ஒரே காரணம், எந்த விஷயத்தைப் பாத்து ஒருத்தர் "நமக்கு ஆகாது"ன்னு போயிடுவாரோ அது மேல போகணும். கார் வச்சிருக்கவர் பார்க்கிங் இல்லைன்னு பாத்தா போன் பண்ண மாட்டார், அவர் நேரமும் மிச்சம் உங்க நேரமும் மிச்சம். இபி தனி மீட்டர்ங்கிறது பெரிய விஷயம் தான், பொது மீட்டர்னா யூனிட்டுக்கு எவ்ளோன்னு ஓனரோட தினம் பேச்சு வரும், ஆனா அதுக்காக யாரும் வீட்டையே வேண்டாம்னு சொல்றது கம்மி, அதனால அது உள்ள இருக்கட்டும். அட்வான்ஸை "5 மாசம்"னு போடாம தொகையா போடுங்க, படிக்கிறவர் கணக்கு போட்டுட்டு இருக்க வேண்டாம்.

வெட்டினது: அழகான, விசாலமான, வாஸ்து எல்லாம் அவுட், பக்கத்து விளம்பரத்துலயும் இதே வார்த்தை தான் இருக்கு. பக்கத்துல இருக்குற ஸ்கூல், பேங்க், ஹாஸ்பிடல்னு 11 பேரு போட்டிருந்தீங்க, அதுல ஸ்டேஷனை மட்டும் வச்சுட்டேன். உங்க அப்பா கட்டின விஷயம் எனக்கும் மனசுக்குப் பட்டுது சார், அதை வீடு பாக்க வர்றவங்ககிட்ட கதவைத் தொட்டுக் காட்டி சொல்லுங்க.

கேள்வி: அண்ணா, தலைப்புல வார்த்தை நிறைய இருந்தா தான் தேடும்போது மேல வரும்னு சொல்றாங்களே, சுருக்கினா நம்ம விளம்பரம் கண்ணுலயே படாதே?

பதில்: பாதி சரி தம்பி. ஏரியா பேரும் ரூம் எண்ணிக்கையும் கட்டாயம் வேணும். ஆனா வீடு தேடுறவர் "விசாலமான"னு டைப் பண்ணி தேட மாட்டார், வாடகை இவ்ளோல இருந்து இவ்ளோ வரைக்கும், 2 பிஹெச்கே, இந்த ஏரியான்னு ஃபில்டர் தான் போடுவார். அந்த ஃபில்டர்ல நீங்க வரணும்னா விளம்பரம் போடும்போது வர்ற கட்டங்கள் எல்லாம் நிரம்பி இருக்கணும், மாடி, சதுர அடி, ஃபர்னிச்சர் உண்டா இல்லையான்னு. நிறைய பேர் அதைக் காலியா விட்டுட்டு எல்லாத்தையும் விவரத்துல கொட்டிடுறாங்க. பழவந்தாங்கல்னு தேடுறவங்களும் உங்களுக்கு ஆவாங்கன்னா அந்தப் பேரை விவரத்துல ஒரு தடவை போடுங்க, போதும்.

கேள்வி: முதல்ல வர வைக்கணும்னா காசு கட்டி பூஸ்ட் பண்றது தானே? எவ்ளோ கட்டலாம்?

பதில்: நான் சொல்ற "முதல்ல" வேற மேடம், விளம்பரத்துக்குள்ள எந்த வரி முதல்ல வரணும்ங்கிறது. காசு கட்டுறதுக்கு முன்னாடி இதை சரி பண்ணிடுங்க, இல்லேன்னா உங்களுக்கு ஆகாதவங்க போன் தான் கூடும்.

கேள்வி: நான் பீளமேட்டுல லேடீஸ் ஹாஸ்டல் நடத்துறேன் அண்ணா, எனக்கு மாடி, லிஃப்ட் எல்லாம் யாரும் கேக்குறதில்ல. எனக்கு எது மேல வரணும்?

பதில்: அதை உங்க போன் தான் சொல்லும். ஒரு நோட்டு எடுத்து அடுத்த 10 போன்ல அவங்க கேக்குற முதல் ரெண்டு கேள்வியை மட்டும் எழுதுங்கம்மா, வேற எதுவும் வேண்டாம். என் அனுபவத்துல ஹாஸ்டலுக்கு சாப்பாட்டோட மாசம் எவ்ளோ, ஒரு ரூம்ல எத்தனை பேர், ராத்திரி கேட் எத்தனை மணிக்கு பூட்டுவீங்க, இந்த மூணு தான் வரும். காலேஜ் பொண்ணுங்க அதிகமா, வேலைக்குப் போறவங்க அதிகமாங்கிறதைப் பொறுத்து கேட் டைம் முதல் இடத்துக்கே வரலாம். நோட்டுல எந்தக் கேள்வி அதிகமா இருக்கோ அதோட பதில் தான் உங்க முதல் வரி. மாத்தி எழுதின பிறகும் அதே கேள்வி வந்துட்டே இருந்தா அந்த வரி இன்னும் ஸ்க்ரீனுக்குக் கீழ தான் இருக்குன்னு அர்த்தம்.

கேள்வி: லிஃப்ட் இல்லைன்னு நாமளே மேல போட்டா எவன் சார் வருவான்? வந்து பாத்தா பிடிச்சிடும்ல.

பதில்: நானும் அப்படி நெனச்சு ஒரு தடவை சொந்தக்காரங்க வீட்டுக்கு மாடி எத்தனைன்னே போடாம விட்டேன். 3வது மாடி, லிஃப்ட் கிடையாது. ரெண்டு ஞாயித்துக்கிழமை முழுக்க ஆள் வந்துட்டே இருந்தாங்க, வயசான அம்மாவைக் கூட்டிட்டு வந்த ஒருத்தர் படிக்கட்டுக்குக் கீழயே நின்னு மேல பாத்துட்டு ஒண்ணும் பேசாம திரும்பிட்டார். அந்த அம்மா ஆட்டோல வந்திருந்தாங்க, எனக்கு அது ரொம்ப கஷ்டமா போச்சு. அடுத்த நாளே "3வது மாடி, லிஃப்ட் இல்லை"ன்னு போட்டேன், போன் பாதியா குறைஞ்சுது, ஆனா வந்தவங்க எல்லாரும் உள்ள வந்து பாத்தாங்க.

உப்புத் தண்ணி, மழைக்குத் தெருவுல தண்ணி நிக்குறது மாதிரி விஷயத்தை முதல் ஸ்க்ரீன்லயே போடணுமா, போன்ல சொன்னா போதுமான்னு எனக்கே இன்னும் ஒரு முடிவு இல்ல. வீட்டுக்கு வரச் சொல்றதுக்கு முன்னாடி சொல்லிடணும், அதுல மட்டும் சந்தேகமே இல்ல.

கேள்வி: 20 வருஷமா ப்ரோக்கர் வேலை பாக்குறேன், வாடகையைப் போடவே கூடாது தம்பி. போன் வந்தா தான் பேசி முடிக்க முடியும்.

பதில்: அண்ணே, உங்ககிட்ட 10 வீடு இருக்கு, இது ஆகலேன்னா அதைக் காட்டுவீங்க, அதனால எந்த போன் வந்தாலும் உங்களுக்கு பிரயோஜனம். ஒரே வீடு வச்சிருக்க ஓனருக்கு 25,000 பட்ஜெட்காரரும் 12,000 பட்ஜெட்காரரும் பேசி என்ன ஆகப் போகுது? உங்க தொழிலுக்கு உங்க வழி சரியா இருக்கலாம், நான் ஓனருக்கு எழுதுறேன்.

கேள்வி: என் போன்ல எல்லாம் தெரியுது, எங்க மாமனார் போன்ல பாதில நிக்குது. எதை வச்சு எழுதுறது?

பதில்: மாமனார் போனை வச்சு எழுதுங்க. எழுத்து சைஸ் பெருசா வச்சிருப்பார், அதுல வாடகை, இடம், மாடி, யாருக்குங்கிற நாலும் தள்ளாமயே தெரிஞ்சா எல்லா போன்லயும் தெரியும். விளம்பரத்தைப் போட்டுட்டு எடிட் பண்ற பக்கத்துல பாக்காதீங்க, வேற ஒருத்தர் போன்ல லிஸ்ட்ல அது எப்படி வருதுன்னு பாருங்க, அங்க ஒரு போட்டோவும் தலைப்பும் தான் இருக்கும். முதல் போட்டோ பகல்ல எடுத்த ஹால் இருக்கட்டும், போனைப் படுக்க வச்சு எடுங்க. நிக்க வச்சு எடுத்தா மேலயும் கீழயும் வெட்டி நடுவுல சுவர் மட்டும் தான் தெரியும்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்ல போட்டா யார் யாரோ ஃபார்வர்ட் பண்ணி வீடு போன பிறகும் போன் வருதே அண்ணா?

பதில்: முதல் வரிலயே தேதியைப் போட்டுடுங்க, "மே 12 நிலவரம், ஜூன் 1ல காலி"ன்னு. ஆகஸ்ட்ல அதைப் பாக்குறவர் தானா விட்டுடுவார்.