விலையில் விட்ட ஓட்டையைக் கடனால் அடைக்காதீர்கள்

கேள்வி: சார், தாராவியில் லேப்டாப் பை தைத்து ஆன்லைனில் விற்கிறேன், 40 மாடல். ஒரு பைக்கு அடக்கம் 400, பாக்கிங் கூரியர் 80. அதோடு கமிஷன் 15%, ஜிஎஸ்டி 18%, லாபம் 20% எல்லாம் சேர்த்து 734 ரூபாய் என்று ஷீட்டில் போட்டு விற்கிறேன். மாதம் 200 பை போகிறது, ஆனாலும் துணிக்காரருக்குக் கொடுக்க வீட்டு நகை அடகுக்குப் போகிறது. விற்கும் தளமே 2 லட்சம் கடன் தருகிறதாம், எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். உங்கள் ஷீட்டில் ஒரே ஒரு தப்பு இருக்கிறது, நகை போவதும் அதனால்தான். மூன்று சதவீதத்தையும் 480-இன் மேல் ஏற்றியிருக்கிறீர்கள். ஆனால் கமிஷன்காரர் 480-க்கா பிடிக்கிறார்? வாடிக்கையாளர் கட்டும் 734-க்குப் பிடிக்கிறார், பெரும்பாலும் வரியும் சேர்ந்த தொகைக்கு.

734-இல் வரி 112 போய்விடும், கமிஷன் 110 போய்விடும், மிச்சம் 512. அதில் உங்கள் செலவு 480 போக கையில் 32 ரூபாய். நீங்களோ 96 என்று நினைத்துச் செலவு செய்கிறீர்கள். பைக்கு 64 ரூபாய் வீதம், எல்லா மாடலும் ஏறக்குறைய இதே கணக்கு என்றால், 200 பைக்கு மாதம் 12,800 ரூபாய் துண்டு விழுகிறது. 2 லட்சம் வாங்கினால் அதை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், வட்டியோடு.

சரி, ஷீட்டுக்கு வருவோம். B-யில் அடக்கம் (உள்ளீட்டு வரி வரவு கிடைப்பதால் ஜிஎஸ்டி இல்லாமல்), C-யில் பாக்கிங் கூரியர், D கமிஷன், E ஜிஎஸ்டி, F வரி நீக்கிய விலையில் நீங்கள் விரும்பும் லாபம். G-யில் விலை, H-இல் கையில் நிற்பது:

```
G2: =(B2+C2)/((1-F2)/(1+E2)-D2)
H2: =G2/(1+E2)-G2*D2-B2-C2
```

உங்கள் பைக்கு G2 909 ரூபாய் காட்டும், H2 154. இந்த 154, வரி நீக்கிய 770-இல் சரியாக 20%. D, E, F மூன்றும் சதவீத வடிவத்தில் இருக்க வேண்டும். 18% என்பதற்குப் பதில் வெறும் 18 என்று விழுந்திருந்தால் விலை மைனஸில் வரும், உடனே தெரிந்துவிடும். கமிஷன் மேல் போடும் 18% வரியைச் சேர்க்கவில்லை, ரெகுலர் ஜிஎஸ்டி பதிவு என்றால் அது வரவாகத் திரும்பும். காம்பொசிஷன் என்றால் வராது, அப்போது D-யில் 15%-க்குப் பதில் 17.7% போடுங்கள், அடக்கத்தையும் வரியோடு எழுதுங்கள், மற்ற கணக்கும் மாறும் என்பதால் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

திரும்பி வரும் பைகளுக்கும் கூரியர் போய்வந்த செலவு உண்டு. போன மூன்று மாத ரிட்டர்ன் செலவை விற்ற பைகளால் வகுத்து C-யில் சேர்த்துவிடுங்கள்.

909-க்கு யார் வாங்குவார் என்று கேட்பீர்கள், நியாயம்தான். பக்கத்துக் கடைக்காரர் 749-க்கு விற்கிறார் என்றால் G2-இல் அதையே கையால் அடித்து H-ஐப் பாருங்கள், 42 ரூபாய்தான் நிற்கும். 40 மாடலுக்கும் இப்படிப் பார்த்து, 50-க்குக் கீழே நிற்பவற்றில் புதுத் துணி வாங்குவதை இந்த மாதமே நிறுத்துங்கள். இருக்கும் சரக்கு விற்று வரும் பணத்தில் முதலில் நகையை மீட்டுவிடுங்கள்.