காப்புறுதி நிராகரிப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது எப்படி?

“பித்தப்பைக் கல் அறுவைக்கான கிளைமை மறுத்துவிட்டார்கள். கடிதத்தில் நாலு வரிதான். என்ன எழுதுவது?”

நிராகரிப்புக் கடிதம் என்பது பணம் தர மறுப்பதற்கான காரணங்களின் பட்டியல். ஒவ்வொரு காரணமும் தனிப் பூட்டு. ஒன்றைத் திறந்தால் மட்டும் கதவு திறக்காது. அதனால் வரிக்கு வரி எண் போடுங்கள்.

ஓர் உதாரணம்: பாலிசி 2022இல் தொடங்கியது, ஸ்கேனில் கல் தெரிந்தது 2024இல். முதல் காரணம், “நோய் முன்பே இருந்தது.” 2021இல் பாலிகிளினிக்கில் வயிற்றுவலிக்குப் பார்த்ததை ஆதாரம் காட்டுகிறார்கள். இங்கே ஸ்கேன் தேதியை மட்டும் காட்டினால் போதாது. பல பாலிசிகளில் அறிகுறி இருந்தாலே முன்பே இருந்த நோய்தான். முதலில் அந்த விதியின் வாசகத்தைப் படியுங்கள். அப்புறம் மருத்துவரிடம் குறிப்பு கேளுங்கள்: அந்த வலி எதனால் வந்தது, கல்லோடு தொடர்பு உண்டா? அவர் “தொடர்பு உண்டு” என்றால் இந்தப் பூட்டு திறப்பது கடினம்தான்.

இரண்டாவது, “விண்ணப்பத்தில் மறைத்தீர்கள்.” விண்ணப்பப் படிவத்தின் நகலை வாங்கி, கேட்ட கேள்வியை அப்படியே எடுத்தெழுதி, உங்கள் பதிலை அதன் கீழே வையுங்கள். கேட்காததைச் சொல்லவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். குடும்பக் கஷ்டத்தைப் பற்றிய பத்தி வேண்டாம். அது எந்தக் காரணத்துக்கும் பதிலாகாது.

இந்தக் கடிதத்தோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: சிங்கப்பூரில், நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் ஃபிட்ரெக் என்ற நிதித்துறைத் தகராறு தீர்வு மையத்தில் புகார் செய்யலாம்.