காட்டன் புடவையில் பட்டு மினுமினுப்பு: எது நிலைக்கும், எது தண்ணீரில் போகும்?

கேள்வி: என்னிடம் நல்ல நிறத்தில் நாலைந்து சாதா காட்டன் புடவைகள் இருக்கின்றன. உடுத்தினால் விறைத்து நிற்கின்றன. பட்டு மாதிரி லேசாக மின்னி, கொசுவம் நீளமாக இறங்க வேண்டும். லாண்டரிக் கடையில் ரோல் பாலிஷ் போடலாம் என்கிறார்கள். காஸ்டிக் சோடாவில் நனைத்தால் பளபளப்பு வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். புடவைக் கடையிலோ ‘மெர்சரைஸ்டு காட்டன்’ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். எதற்குக் காசு கொடுக்கலாம்?

பதில்: முதலில், காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள். வீடியோவில் சொல்வது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844-இல் பருத்தித் துணியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்தார். துணிக்கு வலு கூடியது, சாயமும் நன்றாகப் பிடித்தது. ஆனால் துணி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. பளபளப்பும் சொல்லும்படி வரவில்லை. 1890 வாக்கில் ஹொரேஸ் லோ என்பவர் அதே வேலையை, துணியைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தபடி செய்தார். அப்போதுதான் மினுமினுப்பு வந்தது. பருத்தி இழை இயல்பில் தட்டையான, முறுக்கிக்கொண்ட நாடா போல இருக்கும். அதன் மேல் படும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். காஸ்டிக்கில் இழை உப்பி உருண்டையாகிறது. இழுத்துப் பிடிப்பதால் முறுக்கு பிரிந்து நேராகிறது. வெளிச்சம் சீராகத் திரும்புகிறது. அதைத்தான் நம் கண் பளபளப்பு என்று பார்க்கிறது.

மெர்சரைஸ்டு காட்டன் என்பது இதுதான். மில்லில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதக் காஸ்டிக் கரைசலில், ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்கு, எந்திரத்தில் இழுத்துப் பிடித்துச் செய்கிறார்கள். பிறகு அலசி, மிச்சக் காரத்தை அமிலத்தால் முறிக்கிறார்கள். பக்கெட்டில் இழுத்துப் பிடிப்பது யார்? ஐந்தரை மீட்டர் புடவை சுருங்கும், சாயம் கலங்கும், கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே கேடு.

அடுத்தது ரோல் பாலிஷ். உருளைகளுக்கு நடுவே துணியை அழுத்தி விடும்போது நூல் நசுங்கித் தட்டையாகும், மேல்பரப்பு வழவழக்கும். கல்யாணத்துக்கு ஒரு நாள் உடுத்த இது போதும். ஆனால் தண்ணீர் பட்டதும் நசுங்கிய நூல் பழையபடி எழுந்துகொள்ளும். ஒரு துவைப்பில் பாதிக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு முறையும் கடைக்குக் கொடுக்கத் தயார் என்றால் சரி.

மெர்சரைஸ்டு பளபளப்பு அப்படி இல்லை. இழையின் உருவமே மாறிவிடுவதால் துவைத்தாலும் போகாது. கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு, நிஜமாகவே மெர்சரைஸ்டாக இருந்தால். சோதிக்க ஒரு வழி: புடவையோடு வரும் பிளவுஸ் துணியின் மூலையை மட்டும் நனைத்துக் கசக்கி, நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் நனைக்காத பகுதியோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நனைத்த இடம் பழைய துண்டு போல மங்கிக் கிடந்தால் அது வெறும் அழுத்தப் பளபளப்பு. கொஞ்சம் குறைந்தாலும் சாய்க்கும்போது இன்னும் மின்னினால் மெர்சரைஸ்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மெர்சரைஸ்டு துணியையும் கடைசியில் அழுத்தித்தான் அனுப்புகிறார்கள், அதனால் லேசான மங்கலைப் பார்த்துப் பதற வேண்டாம். கடையில் நனைக்க விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், ஃபால்ஸ் தைக்கக் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

இனி கொசுவம். இதில் வீட்டிலேயே நிறையச் செய்யலாம். பட்டு இழை ஒன்றே நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். பருத்தி இழையோ சுமார் மூன்று சென்டிமீட்டர். குட்டை இழைகளை முறுக்கித்தான் நூலாக்க முடியும், அந்த முறுக்கு துணியை வளைய விடாது. அதோடு தறியில் போட்ட கஞ்சியும் சேர்ந்தால் கொசுவம் விறைத்துத்தான் நிற்கும்.

முதலில் அந்தக் கஞ்சியை எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். நிறம் போகும் என்ற சந்தேகம் இருந்தால் பச்சைத் தண்ணீரே போதும், ஒன்றுக்கு இரண்டு முறை அலசினால் சரி. கடைசி அலசலில் கம்ஃபர்ட் வகை கண்டிஷனரைப் பாட்டிலில் சொன்ன அளவைவிடக் குறைவாகவே விடுங்கள். கூடினால் புடவை பிசுபிசுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. அப்புறம் கஞ்சி போடாதீர்கள். முழுக்கக் காயும் முன், லேசான ஈரம் இருக்கும்போதே நல்ல பக்கத்தில் ஒரே திசையாக அழுத்தி இஸ்திரி போட்டால் ஓரளவு மினுமினுப்பும் கிடைக்கும். கறுப்பு, கருநீலம் என்றால் மட்டும் உள்பக்கம் போடுங்கள். இல்லாவிட்டால் ஃபால்ஸ் தையல் இருக்கும் இடமெல்லாம் திட்டுத் திட்டாகப் பளபளத்து அசிங்கமாகத் தெரியும்.

கொசுவத்தைக் கீழே இழுப்பது ஃபால்ஸின் எடையும்தான். கொஞ்சம் கனமான காட்டன் ஃபால்ஸ் வாங்கி, முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டுத் தையுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி, புடவையின் அடி ஓரம் சுருக்கு விழுந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் தடித்த நூல் புடவை பட்டுப் போல விழாது. 100, 120-ஆம் நம்பர் நூலில் நெய்தது விழும். நம்பர் கூடக் கூட நூல் சன்னம். புதிதாக வாங்கும்போது ‘மெர்சரைஸ்டா’ என்று கேட்கும் அதே மூச்சில் ‘எத்தனாம் நம்பர் நூல்?’ என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

கேள்வி: ‘சில்க் காட்டன்’ என்று வாங்கிய புடவை வெறும் பளபளப்பேற்றிய காட்டனோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முந்தானைக் குஞ்சத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றும், வெட்டிய ஓரத்திலிருந்து குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்றும் உருவுங்கள். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். சில்க் காட்டனில் பெரும்பாலும் பாவு, ஊடை இரண்டில் ஒன்றுதான் பட்டு. இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் அணையப் பார்க்கும், நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சன்னமான சாம்பலாகும். உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். ரேயானும் காகிதம் போலத்தான் எரியும் என்பதால் அதையும் பருத்தியையும் இப்படிப் பிரிக்க முடியாது. ஆனால் உங்கள் கேள்வி பட்டு இருக்கிறதா என்பதுதானே, அதற்கு இது போதும்.

இரண்டு நூலிலும் முடி நாற்றம் வராவிட்டால் பில்லை எடுத்துப் பாருங்கள். ‘சில்க் காட்டன்’ என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. வெறும் ‘சாரி - 1’ என்று இருந்தால் வாதம் கஷ்டம். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. அதுவரை புடவையைத் துவைக்காமல், மிச்ச நூலோடும் விலைச் சீட்டோடும் அப்படியே எடுத்து வையுங்கள்.