ஜி-3 ஏன் மற்ற மூவருக்கும் மேலதிகாரி இல்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரைகளில் ஜி-2, ஜி-3 என்ற பெயர்கள் அடிக்கடி வருகின்றன. ஒரு தலைமையகத்தை ஆளணி, உளவு, நடவடிக்கை, வழங்கல் என நான்காகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள் என்பது வரை புரிகிறது. போரைத் திட்டமிடுவது நடவடிக்கைப் பிரிவுதான் என்றால், மற்ற மூன்றும் அதன் கீழ் இருப்பதுதானே முறை? அதற்கு ஏன் மூன்றாம் எண்? நான்கும் தனித்தனியாக இருப்பதில் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது இது வெறும் அலுவலக வழக்கமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணுக்கும் தகுதிக்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு ராணுவத் தலைமையகத்தின் பிரிவுகளுக்கு 'பீரோ' என்று பெயர். முதல் பீரோ ஆட்கணக்கையும், இரண்டாவது எதிரியைப் பற்றிய செய்திகளையும், மூன்றாவது படை நடவடிக்கையையும் பார்த்துக்கொண்டன. போக்குவரத்தும் வழங்கலும் பின்னால் நான்காவதாக வந்து சேர்ந்தன. 1917இல் அமெரிக்கப் படையை பிரான்ஸுக்குக் கொண்டுவந்த ஜெனரல் பெர்ஷிங், பிரெஞ்சு முறையையும் பிரிட்டிஷ் முறையையும் ஆராய்ந்து தன் தலைமையகத்தை அமைத்தார். 1918 பிப்ரவரியில் அதன் பிரிவுகள் ஜி-1 முதல் ஜி-5 வரை என்று பெயர் பெற்றன. ஐந்தாவது பயிற்சிக்கானது, போருக்குப் பிறகு அது மூன்றாவதோடு இணைந்துவிட்டது. முன்னால் நிற்கும் எழுத்து தலைமையகத்தின் அளவைக் காட்டும்: டிவிஷனுக்கும் அதற்கு மேலும் 'ஜி', பட்டாலியன், பிரிகேட் அளவில் 'எஸ்', முப்படைகளும் சேர்ந்த தலைமையகத்தில் 'ஜே'.

நீங்கள் முறை என்று சொல்வதற்கு அருகில் வரும் அமைப்பு ஒன்று உண்மையிலேயே நெடுங்காலம் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தில் 'ஜி', 'ஏ', 'க்யூ' என்று மூன்றே கிளைகள். நடவடிக்கையும் உளவும் 'ஜி' கிளையில் ஒன்றாக இருந்தன. ஆட்கள் 'ஏ', வழங்கல் 'க்யூ'. மூன்றில் 'ஜி' தான் மூத்தது என்பது எழுதப்படாத சட்டம். இந்த அமைப்பில் கிளைகளுக்கிடையே பூசல் எழுந்தால் தீர்க்க வேண்டியவர் தளபதியே. 1942 ஆகஸ்டில் எட்டாவது ராணுவத்தின் பொறுப்பை ஏற்ற மான்ட்கோமரி முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, டி கிங்காண்டைத் தலைமைப் பணி அதிகாரியாக அமர்த்தி எல்லாக் கிளைகளையும் அவருக்குக் கீழே கொண்டுவந்தது. அங்கே தேவைப்பட்டவர் எல்லாத் தரப்பையும் கேட்டு முடிவெடுக்க எந்தத் தரப்பையும் சாராத ஒருவர். மற்றக் கிளைகளை ஆளும் ஒரு கிளை அல்ல.

உளவை நடவடிக்கையின் கீழ் வைக்கக் கூடாது என்பதற்கு மனித மனமே காரணம். திட்டம் தீட்டுபவருக்குத் தன் திட்டத்தின் மேல் பற்று வந்துவிடும். எதிரி எங்கே, எவ்வளவு பலத்துடன் இருக்கிறான் என்று கணிப்பவர் அவருக்குக் கீழே இருந்தால், அந்தக் கணிப்பு மெல்ல மெல்லத் திட்டத்துக்கு வசதியான பக்கமாகச் சாயும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகத்துக்குரிய ஒரு தகவலை 'உறுதிப்படவில்லை' என்று ஓரமாக வைத்தாலே போதும். ஆகவேதான் ஜி-2 தன் மதிப்பீட்டைத் தளபதியிடம் தானே சொல்லும் உரிமை பெற்றிருக்கிறார். திட்டத்தை மேசையில் விளையாடிப் பார்க்கும்போது அவர் எதிரியின் இடத்தில் அமர்ந்து, ஜி-3 நகர்த்தும் ஒவ்வொரு காய்க்கும் பதில் காய் நகர்த்துகிறார். தன் மேலதிகாரிக்கு எதிராக அந்த ஆட்டத்தை மனமார ஆடுவது கடினம்.

1944 டிசம்பரில் அமெரிக்க ஜெனரல் பேட்டனின் மூன்றாவது ராணுவம் வடக்கே திரும்பிய கதையை எடுத்துக்கொள்வோம். இதைப் பெரும்பாலும் பேட்டனின் துணிச்சலாகவே சொல்கிறார்கள். எனக்கு அது நான்கு மேசைகளின் கதையாகவே தோன்றுகிறது.

அப்போது மூன்றாவது ராணுவம் கிழக்கு நோக்கி நின்றது. பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையிலுள்ள சார் பகுதியில் டிசம்பர் 19ஆம் தேதி ஒரு பெரிய தாக்குதலுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஜி-3 மேடக்ஸின் முழுக் கவனமும் இயல்பாகவே அங்கே. ஜி-2வான ஆஸ்கர் காக் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். வடக்கே, அண்டை ராணுவத்தின் எல்லைக்கு எதிரே, ஜெர்மன் டிவிஷன்கள் முன்னணியிலிருந்து விலகிச் சேமப்படையாகத் திரண்டுகொண்டிருந்தன. கண்டிப்பாகச் சொன்னால் அது அவருடைய ராணுவத்தின் பகுதியே அல்ல. டிசம்பர் 9ஆம் தேதி அவர் இதைப் பேட்டனிடம் எடுத்துச் சொன்னார். சார் தாக்குதலுக்கான வேலையை நிறுத்தாமலேயே, வடக்கில் ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் உத்தேசத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. காக்கின் மேலதிகாரியாக மேடக்ஸ் இருந்திருந்தால் இந்தச் செய்தி சார் திட்டத்தின் ஓர் அடிக்குறிப்பாக முடிந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

தனிப்பிரிவாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அண்டை ராணுவத்தின், அதாவது முதலாவது ராணுவத்தின் ஜி-2வான டிக்சனும் டிசம்பர் 10ஆம் தேதி ஒரு ஜெர்மன் எதிர்த்தாக்குதலை எதிர்பார்த்து மதிப்பீடு எழுதினார். ஆனால் அவர் சுட்டிய இடம் வேறு. அவருடைய பிரிவுக்கும் நடவடிக்கைப் பிரிவுக்கும் இடையே நல்லுறவும் இல்லை. அந்தத் தாள் எந்தப் படையையும் நகர்த்தவில்லை.

வடக்கே ஆர்டென்னஸ் காட்டுப் பகுதியில் ஜெர்மன் தாக்குதல் டிசம்பர் 16ஆம் தேதி தொடங்கியது. 19ஆம் தேதி காலை பேட்டன் தன் அதிகாரிகளைக் கூட்டி, படை திரும்பக்கூடிய மூன்று வழிகளை வகுத்துக்கொண்டார்; எந்த வழி என்பதைத் தொலைபேசியில் ஒரு குறிச்சொல்லால் தெரிவிப்பதாக ஏற்பாடு. அன்று வெர்டூன் நகரில், எப்போது தாக்க முடியும் என்று நேசநாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் கேட்டபோது, 22ஆம் தேதி மூன்று டிவிஷன்களுடன் தாக்குவேன் என்றார். அறையில் இருந்தவர்கள் பலர் நம்பவில்லை. அவர்கள் அவநம்பிக்கை கொண்டது வீரத்தில் அல்ல, கணக்கில்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிவிஷனில் 2,000 வாகனங்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 20 வாகனம் என்ற இடைவெளியில் ஒரே சாலையில் விட்டால் அணிவகுப்பின் நீளம் 100 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓர் இடத்தைக் கடந்து முடிக்க 5 மணி நேரம் ஆகும். அதே சாலையில் இன்னொரு டிவிஷன், எதிர்த்திசையில் காலி லாரிகள், குறுக்கே காயமடைந்தோரை ஏற்றிய ஆம்புலன்ஸ்கள். எந்த டிவிஷன் எந்தச் சாலையில், எந்த நேரத்தில் என்று சொல்வது ஜி-3இன் வேலை. அந்த வண்டிகளுக்கு வழியில் எரிபொருள் எங்கே, பழுதானவற்றை யார் இழுப்பது, கிழக்குத் தாக்குதலுக்காகக் குவித்த குண்டுகளை வடக்கே எத்தனை நடையில் மாற்றுவது என்பதெல்லாம் ஜி-4 வால்டர் முல்லரின் தலையில் விழுந்தன. இரண்டு வேலைகளுக்கும் தேவைப்பட்டவை அதே சாலைகள். தலைமையகத்தில் பூசல் பிறக்கும் முதல் இடம் எப்போதும் இந்தச் சாலைதான். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர் தோற்பார் என்பதால் முடிவைத் தலைமைப் பணி அதிகாரி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஜி-1 இதில் எங்கே வருகிறார் என்று தோன்றலாம். கதைகளில் அவர் பெயர் வருவதே இல்லை. புறப்பட்ட மூன்றும் 4ஆவது கவச டிவிஷன், 26ஆவது, 80ஆவது காலாட்படை டிவிஷன்கள். இவற்றில் 26ஆவது, இலையுதிர்காலப் போரில் இழந்த ஆட்களுக்குப் பதிலாக வந்த புதியவர்களை மெட்ஸ் நகரில் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆட்கணக்கைப் பார்த்தால் பெரும்பாலும் நிரம்பிய டிவிஷன்; ஆனால் பலருக்குத் தங்கள் படைப்பிரிவின் முகங்களே பழகவில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு, எத்தகையவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் ஜி-1 சொல்லாவிட்டால், வரைபடத்தில் ஒரே அளவுப் பெட்டியாகத் தெரியும் இரு டிவிஷன்களுக்கு ஜி-3 ஒரே கனமான வேலையைக் கொடுத்துவிடுவார். ஜி-1இன் இழப்பு மதிப்பீடு இல்லாமல் மருத்துவப் பிரிவும் எத்தனை படுக்கை, எத்தனை ஆம்புலன்ஸ் என்று தீர்மானிக்க முடியாது.

தாக்குதல் சொன்னபடி 22ஆம் தேதி காலை 6 மணிக்குத் தொடங்கியது. 4ஆவது கவச டிவிஷனின் முன்னணி டாங்கிகள் 26ஆம் தேதி, ஜெர்மானியர் முற்றுகையிட்டிருந்த பாஸ்டோன் நகருக்குள் இருந்த அமெரிக்கப் படையினரை எட்டின.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு தலைமையகத்தில் இந்தப் பிரிவினை உயிரோடு இருக்கிறதா, வழக்கத்துக்காக இருக்கிறதா என்பதை அது வெளியிடும் கட்டளைத் தாளிலேயே காணலாம். அமெரிக்க முறையின் கட்டளைக்கு ஐந்து பத்திகள். நிலவரத்தைச் சொல்லும் முதல் பத்தியில் எதிரியைப் பற்றிய பகுதி உளவுப் பிரிவினுடையது. இரண்டாவது பத்தி, செய்ய வேண்டிய பணி. அதை எப்படிச் செய்வது என்ற மூன்றாவது, நடவடிக்கைப் பிரிவினுடையது. நான்காவதில் வழங்கலும் ஆளணியும். ஐந்தாவதில் தளபதி இருக்கும் இடமும் தகவல் தொடர்பும். மூன்றாவது பத்தியில் படை 100 கிலோமீட்டர் நகர்கிறது, நான்காவது பத்தியிலோ 'மாற்றம் இல்லை' என்று இருக்கிறது என்றால், ஜி-4ஐத் திட்டம் முடிந்த பிறகுதான் அழைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதேபோல முதல் பத்தியில் எதிரி என்னென்ன செய்யக்கூடும் என்பதற்கு ஒரே ஒரு பதில் இருந்து, அதுவும் நம் திட்டத்துக்கு மிகவும் வசதியானதாக இருந்தால், ஜி-2 தன் ஆட்டத்தை ஆடவில்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் எண்ணம் சரிதான். கீழே பட்டாலியன் அளவுக்குப் போனால் எஸ்-2வும் எஸ்-3யும் பெரும்பாலும் ஒரே கூடாரத்தில், ஒரே வரைபடத்தின் முன் உட்கார்ந்திருப்பார்கள். எஸ்-1உம் எஸ்-4உம் பின்னால் வேறோர் இடத்தில் சேர்ந்திருப்பார்கள். மணிக்கொரு முறை நிலவரம் மாறும் இடத்தில் அப்படித்தான் முடியும். அங்கும் எஸ்-3 தன் பக்கத்தில் இருப்பவரிடம், எதிரியின் எண்ணிக்கையைக் குறைத்து எழுது என்று சொல்ல முடியாது; எஸ்-2 பதில் சொல்லக் கடமைப்பட்டவர் பட்டாலியன் தளபதியிடம்.

அன்புடன்.